மூன்று நாற்காலிச் சனிக்கிழமை

விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப் போகிற வரம் லூசியாவுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. முழுத் தூக்கம் இல்லை, பாதிதான். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாசம் மூக்கில் ஏறினால் ஒரு கண் திறக்கும், விக்கிரவாண்டியில் மறுபடி மூடிக்கொள்ளும். பேரணியில் அவித்த வேர்க்கடலைக் கூடை 'மல்லாட்டை, மல்லாட்டை' என்று ஏறும்போது காது மட்டும் விழிக்கும். மயிலம் தாண்டியதும் பக்கத்தில் இருக்கும் இளவரசி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். திண்டிவனம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பாதித் தூக்கத்தில் கொஞ்ச நாளாக ஒரே கனவு. எதிர் சீட்டில் மூன்று பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று முதுகும் லூசியாவின் முதுகுதான், பின்னல்கூட அதே பின்னல். முதல் பெண் மட்டும் திரும்பி முகத்தைக் காட்டிவிட்டால் போதும் என்று லூசியா தவம் கிடப்பாள். அதற்குள் கிள்ளு விழுந்துவிடும்.

கனவுக்கு அர்த்தம் கேட்டு மேல்மலையனூர் அம்மன் கோயில் வரை போக வேண்டியதில்லை. அவள் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மூன்று நாற்காலி இருந்தது. அதில் முதல் நாற்காலிமேல் அவளுக்கு ஆசை. அவ்வளவுதான் விஷயம்.

பங்குச் சந்தையில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு வியாபாரம் செய்யும் சென்னைக் கம்பெனி அது. சென்னையில் வெள்ளம் வந்தால் வேலை நிற்கக் கூடாது என்று திண்டிவனத்தில் ஏரி பார்த்த மாடியில் ஒரு சின்ன அலுவலகம் திறந்தார்கள். மாற்று ஏற்பாடாக வந்தது, நாளடைவில் நிரந்தரமாகிவிட்டது. வாங்குவதும் விற்பதும் புரோகிராமின் வேலை. அது ஓடும் கம்ப்யூட்டர் மும்பையில் பங்குச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் அதை எழுதுவார்கள், காவல் காப்பார்கள், கணக்குத் தீர்ப்பார்கள்.

முதல் நாற்காலியில் எழுதுகிறவள் இளவரசி. குவான்ட் டெவலப்பர். கணிதம் படித்தவள். நொடியைப் பொடிப்பொடியாக நறுக்கி, அந்தப் பொடிக்குள் சந்தை என்ன செய்யும் என்று கணித்து, அதை வேகமாக ஓடும் நிரலாக மாற்றத் தெரிந்தவள். காவல் காப்பவர் சீனுவாசன், ரிஸ்க் மேனேஜர். வணிகவியல் படித்து, வேலை பார்த்துக்கொண்டே ரிஸ்க் பரீட்சைகளை எழுதித் தேறியவர். அவருக்குப் புள்ளியியல் தெரியும். அதைவிட முக்கியமாக, முகம் கோணாமல் 'வேணாம்' என்று சொல்லத் தெரியும். கணக்குத் தீர்ப்பவள் லூசியா. ஆபரேஷன்ஸ். நடந்த வியாபாரமெல்லாம் நம் பதிவிலும் சந்தையின் பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா, மார்ஜின் என்று சந்தையில் கட்டிவைக்கும் முன்பணம் போதுமா, பங்கு வந்து சேர்ந்ததா, சந்தை விடுகிற சுற்றறிக்கையில் நாளைக்கு என்ன மாறுகிறது, எல்லாம் அவள் தலையில். எல்லாம் சரியாக நடந்த நாளில் யாரும் அவள் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஒன்று பிசகினால் போதும், ஊரே அவள் டெஸ்கைச் சுற்றி நிற்கும்.

"உன் வேலை மோசமில்லடி," என்று இளவரசி ரயிலில் அடிக்கடி சொல்வாள். "டீம் லீடு, மேனேஜர், அப்பறம் மொத்த ஆபரேஷன்ஸுக்கும் ஹெட்டு. கம்பெனி எப்பிடி நடக்குதுன்னு முழுசா தெரிஞ்ச ஆளு நீதான். எனக்கு என் புரோகிராமைத் தாண்டி ஒண்ணுந்தெரியாது."

"உங்களுக்கு இன்னாக்கா, மும்பை, சிங்கப்பூர்னு எங்க வேணா போலாம்."

"போலாம். ஆனா வருசா வருசம் என்னைவிட வேகமா எழுதுற பசங்க வந்துக்கினே இருக்கானுங்க. போன வருசத்துப் புரோகிராம் இந்த வருசம் ஊசிப்போன சாம்பாரு. சீனு சாரைப் பாரு, வயசாக ஆக அவருக்கு மதிப்பு ஏறுது. நாலு விபத்தப் பார்த்தவருன்னு தேடி வந்து கூப்புடுறாங்க. மெதுவாத்தான் ஏறுவாரு, ஆனா எறங்க மாட்டாரு. லாபத்துல பங்கு மட்டும் கெடையாது. குடுத்தா அவருக்கும் ஆசை வந்துடும்ல?"

லூசியா கேட்டுக்கொள்வாள். ஆனால் ஆசைக்குக் காது ஏது? ஆபரேஷன்ஸ் வேலைக்கு நடுவே, வீட்டில் அம்மா பாக்கியமேரி ஜெபமாலை சொல்லும் நேரத்தில், அடுத்த அறையில் உட்கார்ந்து அவள் நிரல் எழுதப் படித்தாள். கம்பெனியின் பரீட்சையில் தேறினாள். இளவரசிக்குக் கீழே ஒரு டெவலப்பர் இடம் காலியானபோது, அதற்கு இரண்டே பேர்தான் நின்றார்கள். ஒன்று லூசியா, மற்றது சென்னை அலுவலகத்தில் சேரன் என்ற பையன். இருவருக்கும் சோதனை, வருகிற மாக் சனிக்கிழமை.

மாக் என்றால் ஒத்திகை. சில சனிக்கிழமைகளில் பங்குச் சந்தையே ஒரு பொய்ச் சந்தையை நடத்தும். விலை பொய், வாங்குவது பொய், லாபம் நஷ்டம் எல்லாம் பொய். ஆனால் புதுப் புரோகிராம் உண்மைச் சந்தைக்குப் போகுமுன் இந்தப் பொய்ச் சந்தையில் ஓடிக் காட்டியாக வேண்டும். சென்னையில் இருக்கும் கம்பெனிப் பெரியவர் தேவநாதன் இதில் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தைச் சேர்த்துவிட்டார். வேலை மாற விரும்புகிறவர்கள் மாக் அன்று மூன்று நாற்காலியிலும் உட்கார வேண்டும். தான் எழுதியதைத் தானே ஓட்டி, தானே காவல் காத்து, தானே கணக்குத் தீர்க்க வேண்டும். "கல்யாணத்துக்கு முன்னாடி மாமியார் வீட்டு அடுப்படியைப் பாத்துடணும்," என்பது அவர் வாதம்.

அந்தச் சனிக்கிழமை ஏரிமேல் மூட்டமாக இருந்தது. அலுவலகத்தில் மூன்று பேர்தான். ஏ.சி.யின் ஓசையைத் தவிர ஒன்றுமில்லை. லூசியா முதல் நாற்காலியில் உட்கார்ந்து தன் புரோகிராமைத் தட்டிவிட்டாள்.

அடடா, அது ஓடின அழகை என்னவென்று சொல்ல! ஒரு விலைக்கு வாங்கத் தயார், கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கத் தயார் என்று சந்தையின் இரண்டு பக்கமும் நின்று, வாங்கியதை விற்று, விற்றதை வாங்கி, கையில் ஒன்றும் தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. திரையில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி மினுங்கின. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. லூசியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. கனவில் இத்தனை நாளாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள் இப்போது கொஞ்சம் திரும்புகிறாள், கன்னம் தெரிகிறது என்று தோன்றியது.

"நல்லா போவுது," என்றாள் இளவரசி எட்டிப் பார்த்து. அவள் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிய பரிசு.

பிறகு இரண்டாவது நாற்காலி. சீனுவாசன் எழுந்து இடம் கொடுத்தார்.

"இது ரெண்டு கட்டம்மா. பெரிய கட்டத்துல புரோகிராமு தன் கையிருப்பு இன்னான்னு சொல்லும். சின்னது டிராப் காப்பி. நடந்த ஒவ்வொரு வியாபாரத்தையும் சந்தை நேரா நமக்கு ஒரு நகல் அனுப்பும், புரோகிராம் வழியா வராது. ரெண்டும் ஒத்துப் போவணும். ஒத்துப் போவலைன்னா அந்தச் செவப்பு பட்டன். அழுத்துனா நிக்கிற ஆர்டர் எல்லாம் கேன்சலாயி, புரோகிராமு கட்டிப் போட்டாப்ல நின்னுடும்."

"அலாரம் அடிக்குமில்ல சார்?"

"மாக் அன்னிக்கு அது சும்மா சும்மா கத்தும்னு ஆஃப் பண்ணி வெச்சிருவோம். கண்ணால பாத்துக்க."

அவர் டீ போடப் போனார். லூசியா பார்த்தாள். பெரிய கட்டத்தில் அவளுடைய புரோகிராம் அழகாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. சின்னக் கட்டம் கட்டெறும்பு வரிசை போல ஓடிக்கொண்டே இருந்தது, அதுவும் பெரிய படத்தின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டு. லூசியா அதைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டாள். இப்போது படம் முழுதாகத் தெரிந்தது.

ஒத்திகையின் ஒரு பகுதியாகச் சந்தையே நடுவில் இணைப்பை அறுத்துக் காட்டியது. புரோகிராம் தடுமாறி, நின்று, இணைப்பு வந்ததும் மறுபடி ஓடத் தொடங்கியது. கையிருப்பு பூஜ்யம். விழுந்த குழந்தை அழாமல் எழுந்தது போல லூசியா பூரித்துப் போனாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. டீயோடு திரும்பி வந்த சீனுவாசன் திரையைப் பார்த்தார், கீழே சுருண்டு கிடந்த சின்னக் கட்டத்தையும் பார்த்தார், டீயை நீட்டினார்.

ஒத்திகை முடிந்தது. மூன்றாவது நாற்காலி அவளுடைய சொந்த நாற்காலி. அதன் பள்ளம்கூட அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது. சந்தை அனுப்பிய அன்றைய வியாபாரக் கோப்பையும் புரோகிராமின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒத்துப் பார்த்தாள். இதெல்லாம் அவளுக்குக் கரும்பு தின்னக் கூலி.

ஒத்துப் போகவில்லை.

புரோகிராம் கையில் ஒன்றும் இல்லை என்கிறது. சந்தையோ பன்னிரண்டு லாட், அதாவது பன்னிரண்டு மொத்தக் கட்டு, வாங்கியிருக்கிறாய் என்கிறது. லூசியா நேரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டும் இணைப்பு அறுந்திருந்த இடைவெளியில் நடந்தவை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இணைப்பு போனால் நிலுவையில் நின்ற ஆர்டரெல்லாம் செத்துவிட்டன என்று அவள் எழுதிவைத்திருந்தாள். அவை சாகவில்லை. சந்தையில் நின்றபடியே வியாபாரமாகியிருந்தன. திரும்பி வந்த புரோகிராம், 'நான் இல்லாதப்ப இன்னா நடந்தது?' என்று சந்தையைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மைச் சந்தையில் இது நடந்திருந்தால், கையில் இருப்பதே தெரியாமல் மேலும் மேலும் வாங்கிக் குவித்திருக்கும்.

அதைவிட மோசமான இன்னொன்று இருந்தது. அவள் இரண்டாவது நாற்காலியில் இருந்தபோது, அந்தப் பன்னிரண்டு லாட்டும் சின்னக் கட்டத்தில் அவள் மூக்குக்கு நேரே வந்து போயிருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒத்திகை நாளில் இப்படி ஒத்துப் போகாதவை எத்தனையோ வரும், சந்தையின் பொய்த் தரவே தாறுமாறாக இருக்கும். அதற்காக ஆபரேஷன்ஸில் ஒரு முத்திரை உண்டு: 'மாக், விடு.' அதைத் தட்டினால் அந்த வரி மறைந்துபோகும். திங்கட்கிழமை யாரும் தேட மாட்டார்கள். அந்த முத்திரையைக் கண்டுபிடித்தவளே லூசியாதான். அவளாகத் தட்டினால் கேட்க நாதியில்லை. நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து புரோகிராமைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். முதல் நாற்காலி அவளுக்குத்தான்.

விரல் முத்திரைமேல் நின்றது. ஏரியில் மூட்டம் கலைந்து ஒரு படகு மட்டும் தெரிந்தது, அசையாமல். கனவில் கன்னம் காட்டியவள் இன்னும் ஒரு நூல் திரும்பினால் முகமே தெரிந்துவிடும். லூசியாவுக்கு அழுகை வந்தது. அழுதாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை மூடாமல், 'புரோகிராம் பிழை' என்று பெயர் போட்டு எல்லோருக்கும் அனுப்பினாள். சின்னக் கட்டத்தைச் சுருக்கி வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்தாள்.

தேவநாதன் வீடியோவில் வந்தார். கோபமில்லை, ஆனால் சுற்றி வளைக்கவும் இல்லை.

"பிழை எல்லாருக்கும் வரும் லூசியா, அதுக்குத்தான் மாக். ஆனா திங்கக்கிழமை ஓடணும்னா சுத்தமா ஓடினது சேரனோடதுதான். இந்தத் தடவை அந்த இடம் அவனுக்கு. நீங்க ஆபரேஷன்ஸ்ல லீடா இருங்க, அடுத்த காலியிடம் வந்தா பாப்போம். உங்க புரோகிராமை இளவரசி திருத்தி எடுத்துக்கட்டும்."

"சரிங்க சார்," என்றாள்.

திரும்பும் ரயிலில் இளவரசி பொரிந்து தள்ளினாள். "அடிப்பாவி, ஒரு தட்டு தட்டிட்டு நாளைக்கி சரி பண்ணியிருந்தா சீட்டு உன்னுதுடி. நானும் ஆயிரம் தடவை அப்பிடித்தான் பண்ணிக்கினு இருக்கேன்."

"நீங்க எழுதுறவங்கக்கா. கணக்குக்கு முத்திரை தட்டுறது நானு." மயிலம் மலை ஜன்னலில் நழுவிப்போனது. தூக்கமும் வரவில்லை, கனவும் வரவில்லை.

திங்கட்கிழமை சீனுவாசன் அவள் டெஸ்கருகே வந்து நின்றார். இப்படி அவர் வருவது அபூர்வம்.

"என்னை மெட்ராஸ் ஆபீஸுக்கு ரிஸ்க் ஹெட்டா கூப்புடுறாங்கம்மா. இங்க எனக்கு அடுத்தாப்ல ஒரு ஆளு வேணும். நீ வர்றியா?"

லூசியா திகைத்துப் போனாள். "நான்தான் அந்தக் கட்டத்தையே மூடி வெச்சவளாச்சே சார்."

"மூடுன. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். என் சீட்டுக்கு நீ ஆவமாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் உன் மெயிலு வந்துது." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பரீட்சை எழுத வெக்கலாம், கணக்கு சொல்லிக் குடுக்கலாம். தன் மேலயே புகார் எழுதுற புத்திய எங்க போயி வாங்குறது? ஆனா ஒண்ணு. இங்க வந்தா புரோகிராமு எழுத முடியாது. எழுதுற கையும் நிறுத்துற கையும் ஒண்ணா இருக்கக் கூடாது. யோசிச்சிக்க."

அவள் இரண்டு நாள் யோசித்தாள். ஆபரேஷன்ஸ் பழகிய பாதை. முதல் நாற்காலி இன்னும் ஆசைதான், அதை மறைப்பானேன். ஆனால் கண்ணை மூடினால் அவளுக்கு இப்போது வருவது பச்சையும் சிவப்புமாக ஓடின அந்த அழகான படமில்லை, கீழே சுருண்டு கிடந்த சின்னக் கட்டம். அதைத் திறந்து பார்க்காமல் இனி ஒரு நாளும் தூங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் "வர்றேன் சார்" என்றாள். முதல் வேலையாக, மாக் அன்றும் அலாரம் அடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். தான் கண்டுபிடித்த 'மாக், விடு' முத்திரையையும் தானே ஒழித்தாள்.

இளவரசி புரோகிராமைத் திருத்தினாள். இணைப்பு திரும்பியதும் விட்டுப்போன செய்திகளைச் சந்தையிடம் கேட்டு வாங்கிய பிறகே அடுத்த ஆர்டர் போடும்படி மாற்றினாள். அடுத்த மாக்கில் அது சுத்தமாகத் தேறியது. பிறகு ஒரு புதன்கிழமை உண்மைச் சந்தையில் முதல் தடவையாக ஓடத் தொடங்கியது. இப்போது பெயர் இளவரசியுடையது. ஆனால் அது சாய்கிற சாய்ப்பும் நிமிர்கிற நிமிர்ச்சியும் லூசியாவுக்குத் தெரியாதா?

அவள் இரண்டாவது நாற்காலியில் இருந்தாள். சின்னக் கட்டத்தைப் பெரிதாக இழுத்து நடுவில் வைத்திருந்தாள், பெரிய கட்டம் ஓரத்தில் கிடந்தது. ஏரியில் வெயில் பட்டு அறை முழுக்க ஒளி அலைந்தது. உண்மைப் பணம், உண்மை விலை. இருந்தும் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல அமைதியாக இருந்தது. இரண்டு கட்டமும் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தன. பூஜ்யம், பூஜ்யம். மூன்று, மூன்று. பூஜ்யம், பூஜ்யம்.

நான்கு, ஐந்து.

ஒரே ஒரு லாட் வித்தியாசம். அலாரம் ஐந்து நொடி பொறுத்துத்தான் கத்தும். அவள் நெஞ்சு 'இரு, இரு, வந்துடும்' என்று கெஞ்சியது. தன் குஞ்சாயிற்றே. மூன்றாவது நொடியில் லூசியா சிவப்பு பட்டனை அழுத்திவிட்டாள்.

திரையில் ஆர்டரெல்லாம் மளமளவென்று அணைந்தன. இளவரசி நாற்காலியோடு சுழன்று திரும்பினாள்.

"யேய், இன்னாடி பண்ண!"

"ஒண்ணு ஒத்துப் போவலைக்கா. நிறுத்திட்டேன்."

"உன் புரோகிராமுடி அது!"

"அதான்க்கா," என்றாள் லூசியா.

தேடிப் பார்த்ததில் பிழை ஒன்றுமே இல்லை. ஒரு செய்தி வழியில் கொஞ்சம் தாமதித்து வந்திருந்தது. இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் நான்கு ஐந்தாகியிருக்கும். கால் மணி நேர வியாபாரம் வீண். சேரன் சென்னையிலிருந்து ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினான். இளவரசி முறைத்துக்கொண்டே மறுபடி ஓட்டிவிட்டாள். லூசியா சென்னைக்குப் போய்விட்ட சீனுவாசனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள், தேவையில்லாமல் நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னாள்.

"கொஞ்சம் ஜல்திதான்," என்றார் அவர். "இனிமே நான் இங்க நிம்மதியா தூங்குவேம்மா."

அன்று சாயங்கால ரயிலில் இளவரசி விக்கிரவாண்டி வரை உம்மென்று இருந்துவிட்டு, ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி லூசியாவின் மடியில் போட்டாள். அது போதும். லூசியாவின் கண்கள் சொருகின. எதிர் சீட்டில் மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், வழக்கம் போல முதுகைக் காட்டிக்கொண்டு. முதலாமவளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திரும்பவேயில்லை. நடுவில் இருந்தவள்தான் மெல்லத் திரும்பினாள். அழுது துடைத்த முகம், விழித்த கண். அவள் மல்லாட்டைக்குக் கை நீட்டினாள், லூசியா கொடுத்தாள்.